OUR, SHA, BEN: வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தில் எவ்வளவு போய்ச் சேரும்?

ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் மாணவர் விசாவுக்கு முன்னால் 'பிளாக்டு அக்கவுண்ட்' என்று ஒரு கணக்கு தொடங்கி, ஓர் ஆண்டுச் செலவுக்கான பணத்தை அதில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ. தொகை அவ்வப்போது உயர்த்தப்படுவதால் நீங்கள் அனுப்பும் சமயத்தில் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் மகளுக்காக இந்தப் பணத்தை கோத்தகிரியிலிருந்து அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது. கட்டணத்தை யார் ஏற்கிறார்கள் என்று கிளையில் யாரும் கேட்கவில்லை. படிவத்தில் அந்த இடத்தை அவர்களே SHA என்று நிரப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே போய்ச் சேர்ந்தது இருபது யூரோ சொச்சம் குறைவாக. பன்னிரண்டாயிரம் யூரோவில் இருபது யூரோ என்ன பெரிய தொகை என்று நமக்குத் தோன்றும். ஆனால் தொகை முழுசாக வரும்வரை 'பணம் வந்துவிட்டது' என்ற சான்று வராது, சான்று இல்லாமல் விசா விண்ணப்பம் நகராது. இந்த ஒரு பெட்டியில் எதை டிக் செய்வது என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த அலைச்சலே இருந்திருக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உதாரணமெல்லாம் பிளாக்டு அக்கவுண்ட்தான் என்றாலும், கல்லூரிக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதி முன்பணம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

1. மூன்று எழுத்துகளும் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெளிநாட்டுப் பணத்தில் கட்டணம் மூன்று இடங்களில் விழலாம்: நம் வங்கி, நடுவில் உள்ள வங்கி (அல்லது வங்கிகள்), பணம் பெறும் வங்கி. படிவத்தில் உள்ள மூன்று எழுத்துச் சொல், இந்த மூன்றையும் யார் தலையில் போடுவது என்பதைச் சொல்கிறது.

SHA என்றால் பகிர்வு. நம் வங்கியின் கட்டணத்தை நாம் ரூபாயில் தனியாகக் கட்டுகிறோம். நடுவில் உள்ள வங்கியும் பெறும் வங்கியும் தங்கள் கட்டணத்தை அனுப்பிய தொகையிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. பகிர்வு என்றதும் பாதிப் பாதி என்று நினைத்துவிட வேண்டாம். நாட்டை விட்டு வெளியே போன பிறகு விழும் கட்டணம் எல்லாமே பெறுபவர் பங்குதான்.

OUR என்றால் அனுப்புபவரே எல்லாவற்றையும் கட்டுகிறார். நம் வங்கி தன் கட்டணத்தோடு சேர்த்து, வெளிநாட்டுக் கட்டணத்துக்கென்று ஒரு தொகையையும் நம் கணக்கில் பிடித்துக்கொள்கிறது. அனுப்பிய தொகையில் யாரும் கை வைக்கக் கூடாது.

BEN என்றால் பெறுபவரே எல்லாவற்றையும் கட்டுகிறார். இதில் பலருக்கும் தெரியாத விஷயம், நம் வங்கி கூடத் தன் கட்டணத்தை அனுப்பும் தொகையிலிருந்தே கழித்துக்கொள்ளும் என்பது. ஆகவே பணம் கிளையை விட்டுக் கிளம்பும்போதே குறைந்துதான் கிளம்புகிறது. ஒரு குறிப்பிட்ட தொகை போய்ச் சேர வேண்டிய எந்த வேலைக்கும் BEN ஆகாது.

ஏற்கெனவே ஜெர்மனியில் இருக்கும் தெரிந்தவர்களிடம் கேட்டால் "SHA போதும், ஒரு சென்ட் கூடப் பிடிக்க மாட்டார்கள்" என்பார்கள். அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. அனுப்பும் வங்கி, பெறும் வங்கி இரண்டுமே ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள் இருந்தால், தொகையிலிருந்து எதையும் கழிக்காமல் முழுசாக அனுப்ப வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. பணம் இந்தியாவிலிருந்து கிளம்பும்போது அந்தப் பாதுகாப்பு நமக்குக் கிடைக்காது.

2. பணம் எந்த வழியாகப் போகிறது என்று கேளுங்கள்

நம் வங்கி யூரோவை நேராக ஜெர்மனியில் உள்ள எந்தக் கணக்கிலும் போட்டுவிட முடியாது. யூரோவுக்கென்று ஐரோப்பாவில் ஏதோ ஒரு பெரிய வங்கியில் நம் வங்கி ஒரு கணக்கு வைத்திருக்கும். அதை 'நோஸ்ட்ரோ கணக்கு' என்பார்கள். பணம் முதலில் அங்கே போய், அங்கிருந்து பெறும் வங்கிக்குப் போகிறது. கோத்தகிரியிலிருந்து சென்னை போக மேட்டுப்பாளையத்தில் வண்டி மாறுவது மாதிரிதான். எத்தனை இடத்தில் மாறுகிறோமோ அத்தனை இடத்தில் டிக்கெட்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "உங்கள் யூரோ நோஸ்ட்ரோ எந்த வங்கியில் இருக்கிறது?" அந்த வங்கியும் பிள்ளையின் கணக்கு இருக்கும் வங்கியும் ஒன்றாகவே இருந்தால், நடுவில் வேறு வங்கி வராது. பிடித்தம் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் ஒரு வங்கியாவது நடுவில் வரும், சில சமயம் இரண்டு.

மலையில் உள்ள சிறிய கிளைகளில் இந்தக் கேள்விக்கு உடனே பதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்நியச் செலாவணி வேலையைப் பல கிளைகள் தாங்களே செய்வதில்லை. படிவத்தை வாங்கி ஸ்கேன் செய்து கோயம்புத்தூரில் உள்ள பெரிய கிளைக்கோ தனிப் பிரிவுக்கோ அனுப்புவார்கள். கொடைக்கானல் பக்கம் என்றால் மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ போகலாம். அங்கே இந்த வேலையைப் பார்ப்பவரின் தொலைபேசி எண்ணை உங்கள் கிளையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள், அவர்களுக்கும் ஒரு தலைவலி குறையும். கோயம்புத்தூரில் கேட்க வேண்டியவை மூன்று: நோஸ்ட்ரோ எங்கே, OUR-க்குக் கூடுதலாக எவ்வளவு, OUR என்று அனுப்பினால் முழுத்தொகை சேரும் என்பதற்கு உறுதி உண்டா.

மூன்றாவது கேள்வி முக்கியம். OUR என்று போட்டாலே முழுத்தொகை சேர்ந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. நடுவில் வரும் இரண்டாவது வங்கி அந்தக் குறிப்பைப் பொருட்படுத்தாமல் தன் கட்டணத்தை எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. அமெரிக்காவுக்கு டாலராக அனுப்பும்போது இந்தப் புகார் அடிக்கடி வரும். இதற்காகவே சில வங்கிகள் 'ஃபுல் வேல்யூ' என்ற பெயரில் தனிச் சேவை வைத்திருக்கின்றன. கட்டணம் சற்றுக் கூடுதல், ஆனால் முழுத்தொகைக்கு உறுதி. அது உங்கள் வங்கியில் இருக்கிறதா என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

OUR-இல் இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டு வங்கி கேட்கும் கட்டணம் நம் வங்கி பிடித்ததைவிட அதிகமாக இருந்தால், சில வாரம் கழித்து அந்த வித்தியாசத்தை உங்கள் கணக்கில் பற்று வைக்கலாம். படிவத்தின் சிறிய எழுத்தில் அதற்கு நீங்கள் சம்மதித்திருப்பீர்கள். பணம் போய்விட்டது என்று கணக்கைக் காலி செய்துவிடாமல் கொஞ்சம் வைத்திருங்கள்.

3. கணக்குப் போட்டுப் பாருங்கள்

கணக்குக்கு வசதியாக ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம் வங்கியின் கட்டணம் 1,000 ரூபாய், அதற்கு 18% ஜி.எஸ்.டி. சேர்த்து 1,180. OUR வேண்டுமென்றால் கூடுதலாக 2,000 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 2,360. நடு வங்கி 15 யூரோவும் பெறும் வங்கி 10 யூரோவும் பிடிக்கிறது என்று வைப்போம். இவை உதாரண எண்கள்தான், உங்கள் வங்கி சொல்லும் எண்களை இந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

11,904 யூரோவை SHA-வில் அனுப்பினால் 11,90,400 ரூபாயும் கட்டணம் 1,180 ரூபாயும் கணக்கிலிருந்து போகும். அங்கே சேர்வது 11,904-இல் 25 குறைந்து 11,879 யூரோ. சான்று கிடைக்காது.

OUR-இல் அதே தொகையோடு 1,180 ரூபாயும் 2,360 ரூபாயும் போகும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் 11,904 யூரோ அப்படியே சேரும்.

BEN-இல் கணக்கிலிருந்து தனிக் கட்டணமாக எதுவும் போகாது. நம் வங்கி தன் 1,180 ரூபாயை, அதாவது 11.80 யூரோவை, தொகையிலேயே கழித்து 11,892.20 யூரோ அனுப்பும். வழியில் இன்னும் 25 போய் 11,867.20 யூரோ சேரும்.

நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. SHA-வையே வைத்துக்கொண்டு 50 யூரோ கூடுதலாக, 11,954 யூரோ அனுப்புவது. 25 போனாலும் 11,929 சேர்ந்துவிடும். கையிலிருந்து 5,000 ரூபாய் கூடுதலாகப் போகிறதே என்று தோன்றும். ஆனால் அதில் பாதி பிள்ளையின் கணக்கிலேயேதான் இருக்கிறது. உண்மையில் செலவானது 25 யூரோ, அதாவது 2,500 ரூபாய். OUR-க்கு ஆகும் 2,360-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. பணம் சேரும் கணக்கு நம் பிள்ளையின் பெயரில் இருந்தால் SHA போட்டுக் கொஞ்சம் கூட்டி அனுப்புவேன். மிஞ்சுவது நம் பணம்தான், தொகை குறைந்து நிற்கும் பயமும் இல்லை. பணம் கல்லூரிக்கோ தேர்வு நடத்தும் நிறுவனத்துக்கோ போகிறது என்றால் OUR, முடிந்தால் ஃபுல் வேல்யூ. அங்கே கூட்டி அனுப்பினால் மிஞ்சும் தொகையைத் திரும்ப வாங்குவது தனிப் போராட்டம், சில இடங்களில் விலைச்சீட்டில் உள்ள தொகையோடு ஒத்துப்போகாத பணத்தை யாருடையது என்று தெரியாமல் ஓரமாக வைத்துவிடுவார்கள்.

எவ்வளவு கூட்டுவது? நடுவில் ஒரு வங்கிதான் என்று தெரிந்தால் நான் 50 யூரோ கூட்டுவேன். வழி தெரியாவிட்டால் 75. பிளாக்டு அக்கவுண்ட் நடத்தும் நிறுவனம் தன் தொடக்கக் கட்டணத்தையும் இதே பணத்திலிருந்து எடுத்துக்கொள்கிறதா என்று அவர்கள் அனுப்பிய கடிதத்தில் பாருங்கள். எடுப்பார்கள் என்றால் அதையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

கட்டணத்தைப் பற்றிப் பேசும்போதே மாற்று விகிதத்தையும் கேட்டுவிடுங்கள். இரண்டாயிரம் ரூபாய்க் கட்டணத்துக்கு வாதாடிவிட்டு, விகிதத்தில் ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வருபவர்கள் அதிகம். 11,904 யூரோவுக்கு ஒரு ரூபாய் வித்தியாசம் என்றால் 11,904 ரூபாய். தொகை பத்து லட்சத்தைத் தாண்டும்போது விகிதத்தைக் குறைத்துக் கேட்கலாம், கேட்டால் சில பைசாக்களாவது குறைப்பார்கள். கேட்காமல் யாரும் குறைப்பதில்லை.

ரசீதில் இன்னும் இரண்டு வரிகள் வரும். ஒன்று, நாணய மாற்றத்துக்கான ஜி.எஸ்.டி. பத்து லட்சத்துக்கு மேல் என்றால் 5,500 ரூபாயோடு, மேற்கொண்டு உள்ள தொகையில் 0.1% சேர்த்து, அதன் மேல் 18%. நம் உதாரணத்தில் 1,024 ரூபாய் வரும். OUR, SHA எதுவானாலும் இது மாறாது. மற்றொன்று டி.சி.எஸ்., அதாவது வங்கி முன்கூட்டியே பிடித்துவைக்கும் வருமான வரி. 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் ஒருவர் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் பிடிப்பார்கள். வங்கியில் வாங்கிய கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்குப் பிடித்தம் இல்லை. இது கட்டணம் அல்ல, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் அனுப்பும் அன்று அந்தப் பணமும் கணக்கில் இருந்தாக வேண்டும். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால் அன்றைக்குள்ள விகிதத்தைக் கிளையில் கேளுங்கள்.

4. ஆவணங்களோடு போய், பெட்டியை நீங்களே நிரப்புங்கள்

ஏ2 படிவம், அனுப்புபவரின் பான் கார்டு, மாணவரின் பாஸ்போர்ட் நகல், கல்லூரிச் சேர்க்கைக் கடிதம், பிளாக்டு அக்கவுண்ட் தொடங்கிய கடிதம் ஆகியவை வேண்டும். அப்பாவோ அம்மாவோ அனுப்பினால் உறவைக் காட்டும் ஆவணம் கேட்பார்கள், பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயர் இருந்தால் அதுவே போதும் என்று பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். கடனிலிருந்து போகும் பணம் என்றால் கடன் அனுமதிக் கடிதமும் வேண்டும். பசுந்தேயிலைப் பணம், நிலம் விற்ற பணம் என்று சமீபத்தில் பெரிய தொகை கணக்கில் வந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ2-வோடு வங்கி தன் சொந்த விண்ணப்பம் ஒன்றையும் தரும். அதில் எங்காவது ஒரு மூலையில் 'வெளிநாட்டு வங்கிக் கட்டணம்' என்றோ, வெறுமனே OUR / SHA / BEN என்றோ இருக்கும். அதைக் காலியாக விட்டால் பெரும்பாலும் SHA என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இணையவழியில் அனுப்பினாலும் இதே கதைதான், பட்டியலில் முதலில் தெரிவது SHA-வாக இருக்கும். நீங்களே டிக் செய்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டு, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள். பின்னால் பேச்சு வந்தால் அந்தப் படம் உதவும்.

இரண்டு சின்ன விஷயங்கள், விட்டால் பெரிய தொல்லை. ஜெர்மன் கணக்கின் ஐபான் எண் DE என்று தொடங்கி மொத்தம் 22 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். கையால் எழுதிக் கொடுக்காமல் அச்சடித்த தாளை இணைத்துக் கொடுங்கள். அப்புறம், கணக்கு நிறுவனம் கொடுத்த குறிப்பு எண்ணை 'பணம் அனுப்பும் விவரம்' என்ற இடத்தில் கட்டாயம் எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் முழுத்தொகை போய்ச் சேர்ந்தாலும் யார் கணக்கில் வைப்பது என்று தெரியாமல் நிற்கும்.

நாணயத்தையும் பாருங்கள். யூரோ கணக்குக்கு யூரோவாகத்தான் அனுப்ப வேண்டும். "டாலர் கையில் இருக்கிறது, டாலராக அனுப்பிவிடலாம்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே மறுபடி மாற்றுவார்கள், அவர்கள் வைத்த விகிதம்தான். அதற்கப்புறம் OUR போட்டும் பயனில்லை, ஏனென்றால் குறைவது கட்டணத்தால் அல்ல, மாற்று விகிதத்தால்.

5. நாளைப் பார்த்துக் கிளம்புங்கள்

காலையில் வங்கி திறந்ததும் கொடுப்பது நல்லது. விகிதத்தை நிர்ணயிப்பது கோயம்புத்தூரில், அவர்களுக்கு மதியத்துக்கு மேல் ஒரு கடைசி நேரம் இருக்கும். நம் கிளையில் ஸ்கேன் செய்து அனுப்பி, அங்கே ஏதாவது ஒரு தாள் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பி, மறுபடி அனுப்புவதற்குள் அந்த நேரம் தாண்டிவிடும். மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் போய்வருவதைச் சொல்ல வேண்டியதில்லை. விகிதம் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனால் யூரோத் தொகை மாறாது, உங்களிடமிருந்து எடுக்கும் ரூபாய்தான் மாறும். ஆகவே கணக்கில் ஓரிரு சதவீதம் கூடுதலாகவே வைத்திருங்கள். கணக்கில் ஐந்நூறு ரூபாய் குறைந்தாலும் படிவம் அப்படியே திரும்பி வரும்.

வெள்ளிக்கிழமை அனுப்புவதை நான் தவிர்ப்பேன். நமக்கும் சரி அங்கேயும் சரி, சனி ஞாயிறு யூரோ நகராது. ஐரோப்பாவில் யூரோவைக் கொண்டுசெல்லும் மைய அமைப்பு புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே 1, டிசம்பர் 25, 26, ஜனவரி 1 ஆகிய நாட்களில் மூடியிருக்கும். மே 1 அன்று இங்கே சீசன் கூட்டத்தில் குன்னூர் பக்கம் போவதே கஷ்டம், அது வேறு. பணம் சேர இரண்டு மூன்று வேலை நாள், கணக்கு நிறுவனம் சரிபார்த்துச் சான்று தர இன்னும் சில நாள் என்று வையுங்கள். விசா நேர்காணலுக்கு மூன்று வாரமாவது முன்னால் அனுப்பினால், தொகை குறைந்து இரண்டாவது முறை அனுப்ப வேண்டிவந்தாலும் சமாளித்துவிடலாம்.

6. ஸ்விஃப்ட் நகலை வாங்கிப் படியுங்கள்

பணம் அனுப்பிய அன்றே 'ஸ்விஃப்ட் காப்பி' கேளுங்கள், நம் வங்கி வெளிநாட்டு வங்கிக்கு அனுப்பிய செய்தியின் நகல்தான் அது. பழைய வடிவத்தில் கொடுத்தால் அதில் இப்படிச் சில வரிகள் இருக்கும்:

```
:23B:CRED
:32A:260610EUR11904,00
:33B:EUR11904,00
:71A:OUR
```

பார்க்க வேண்டிய முதல் வரி 71A. நீங்கள் டிக் செய்தது அங்கே இருக்கிறதா? இல்லையென்றால் அன்றே போய்க் கேளுங்கள். 33B என்பது நீங்கள் அனுப்பச் சொன்ன தொகை, 32A என்பது நம் வங்கி உண்மையில் அனுப்பிய தொகை, முன்னால் ஆண்டு-மாதம்-நாள். தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இருக்கும், பயப்பட வேண்டாம். BEN என்று போயிருந்தால் இரண்டும் வேறாக இருக்கும், கூடவே 71F என்ற வரியில் எவ்வளவு கழித்தார்கள் என்றும் இருக்கும்:

```
:32A:260610EUR11892,20
:33B:EUR11904,00
:71A:BEN
:71F:EUR11,80
```

இங்கே ஒரு பொறி. 23B வரியில் CRED என்று இருப்பதைப் பார்த்து, பெறுபவர் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். அந்த வரியில் அது சாதாரணப் பண அனுப்புதல் என்பதற்கான குறி மட்டுமே. ஆனால் 2025 நவம்பரோடு வங்கிகளுக்கிடையே புதிய செய்தி வடிவம் முழுதாக வந்துவிட்டது. அந்தப் புதிய வடிவத்தில் நகல் கொடுத்தால் கட்டணம் என்ற இடத்தில் OUR-க்கு DEBT, SHA-வுக்கு SHAR, BEN-க்கு CRED என்று இருக்கும். அதாவது அதே CRED, கட்டண வரியில் இருந்தால் சண்டைக்குப் போகலாம்.

நகலில் UETR என்று ஒரு நீளமான எண்ணும் இருக்கும், நடுநடுவே சிறு கோடுகளோடு 36 எழுத்துகள். அதைத் தனியாக எழுதி வையுங்கள்.

7. தொகை குறைந்து சேர்ந்தால்

கையோடு குறைந்த தொகையை மட்டும் இன்னொரு முறை அனுப்பிவிடலாம் என்று தோன்றும். 25 யூரோ குறைகிறது என்று 25 யூரோவை SHA-வில் அனுப்பினால், அதே வழியில் அதே 15-ம் 10-ம் பிடிக்கப்பட்டு ஒன்றுமே சேராது. இரண்டாவது முறை அனுப்பியே ஆக வேண்டும் என்றால் குறைவும் பிடித்தமும் சேர்ந்த தொகைக்கு மேலே, இங்கே 60 யூரோ அளவுக்கு, அனுப்புங்கள். நம் வங்கியின் 1,180 ரூபாயும் மறுபடி உண்டு.

அதற்கு முன் இரண்டு இடத்தில் கேளுங்கள். கணக்கு நிறுவனத்துக்கு எழுதி, ஐரோப்பாவில் உள்ள உறவினரோ நண்பரோ குறைந்த தொகையைக் கட்டினால் ஏற்பார்களா என்று கேட்கலாம். ஏற்பார்கள் என்றால் அங்கிருந்து அனுப்புவதில் பிடித்தம் இருக்காது, ஒரே நாளில் முடிந்துவிடும்.

நம் கிளையில் UETR எண்ணைக் கொடுத்து, பணம் போன வழியை எடுத்துத் தரச் சொல்லுங்கள். எந்த வங்கி எவ்வளவு பிடித்தது என்பது பெரும்பாலும் அதில் தெரியும். SHA என்று போயிருந்தால் பிடித்தது முறைதான், திரும்பக் கிடைக்காது. OUR-க்குப் பணம் கட்டியும் பிடித்திருந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுத்தில் கொடுங்கள்: 71A வரி உள்ள நகல், OUR கட்டணம் பிடித்த கணக்கு விவரம், அங்கே சேர்ந்த தொகையைக் காட்டும் தாள் ஆகிய மூன்றையும் இணைத்து. வாயால் சொன்னால் "வெளிநாட்டு வங்கி பிடிப்பது சார், எங்கள் கையில் இல்லை" என்பதோடு முடிந்துவிடும். தாளாகக் கொடுத்தால் அவர்கள் அந்த வங்கிக்கு எழுதியாக வேண்டும்.

8. பணம் வெளிநாட்டிலிருந்து நம் பக்கம் வரும்போது

தங்கும் விடுதி நடத்துபவர்கள், தேயிலையும் தைலமும் வெளிநாட்டுக்கு அனுப்புபவர்கள், வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் ஆகியோருக்கு இதே கேள்வி தலைகீழாக வரும். இப்போது பெட்டியை டிக் செய்வது எதிர்த்தரப்பு. அவர்கள் SHA அல்லது BEN போட்டால் நமக்குக் குறைந்து வரும். பில் அனுப்பும்போதே தொகைக்குக் கீழே, வங்கிக் கட்டணம் முழுவதும் அனுப்புபவருடையது, OUR என்று அனுப்பவும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சிறிய தொகைகளுக்கு இது முக்கியம். 200 டாலர் பில்லில் 20 டாலர் போனால் பத்தில் ஒரு பங்கு போயிற்று.

குறைந்து வந்தால் எங்கே குறைந்தது என்று கண்டுபிடிக்க, வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான அறிக்கையைக் கிளையில் கேட்டு வாங்குங்கள். வந்த வெளிநாட்டு நாணயத் தொகையும் மாற்றிய விகிதமும் அதில் இருக்கும். அந்தத் தொகை அவர்கள் அனுப்பியதைவிடக் குறைவாக இருந்தால் பிடித்தம் வெளியே நடந்திருக்கிறது, அனுப்பியவரிடம்தான் பேச வேண்டும். வெளிநாட்டுத் தொகை சரியாக இருந்து ரூபாய் மட்டும் குறைகிறது என்றால் அது நம் வங்கியின் விகிதமும் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும். அதைக் கேட்க வேண்டிய இடம் உங்கள் கிளை.